யாருடைய சாவு, யாருடைய வேலை? இறப்புச் சடங்குகளை ஒப்பிடுவதற்கு ஒரு நியாயமான அளவுகோல்

மானிடவியல், நாட்டார் வழக்காற்றியல், சமூகவியல் படிக்கும் தோழர்களுக்கு அடிக்கடி தரப்படும் ஒரு பயிற்சி உண்டு. இரண்டு சாதிகளின் இறப்புச் சடங்குகளை ஒப்பிட்டு எழுத வேண்டும். பெரும்பாலும் பார்ப்பனர் ஒரு பக்கம், பறையர் மறுபக்கம். தாளின் நடுவே கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுவார்கள். இடது பக்கத்தில் மந்திரம், தர்ப்பை, பிண்டம், பதின்மூன்று நாள் கிரியை, பித்ரு உலகம் என்று வரும். வலது பக்கத்தில் பறை, ஒப்பாரி, ஆட்டம், சாராயம், குழிவெட்டுதல் என்று வரும். கடைசியில் முதலாவது மரபு தத்துவம் சார்ந்தது, இரண்டாவது உணர்ச்சி சார்ந்தது என்று ஒரு முடிவு.

நம் ஆட்களே எழுதும்போது மதிப்பெண்ணைத் திருப்பிப் போடுகிறோம். அவர்களுடையது வறட்டுச் சடங்கு, நம்முடையது உயிருள்ள பண்பாடு என்கிறோம். பட்டியல் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் உண்மைதான். பார்ப்பனர் வீட்டில் மந்திரம் சொல்கிறார்கள். சேரியில் பறை அடிக்கிறார்கள். அப்படியிருந்தும் பட்டியல் முழுதாகப் பொய் சொல்கிறது. அது எங்கே பொய்யாகிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். வரையறை தெளிவாக இருக்கட்டும்: நாம் பேசுவது தமிழ்நாட்டுப் பார்ப்பனரின் அபரக் கிரியையையும், வட மாவட்டங்களின் பறையர் குடியிருப்புகளில் பரவலாக உள்ள வழக்கத்தையும் பற்றி. ஊருக்கு ஊர், உட்பிரிவுக்கு உட்பிரிவு இரண்டுமே மாறும்.

முதல் கோணல்: சான்று எங்கிருந்து வருகிறது?

இடது பத்தியை நிரப்ப மாணவர் எங்கே போகிறார்? ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் இறந்தோரை வழியனுப்பும் பாடல்கள் உண்டு. ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரத்தில் நான்காம் அத்தியாயம் பிணத்தை எடுப்பது முதல் எலும்பு பொறுக்குவது வரை விவரிக்கிறது. அச்சிட்ட அபரப் பிரயோக நூல்களும் கருட புராணமும் இருக்கின்றன. இவை எல்லாம் எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் நூல்கள். எப்படி நடந்தது என்று சொல்பவை அல்ல.

வலது பத்தியை நிரப்ப அவர் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' தொகுதிகளைப் புரட்டுகிறார். அல்லது அவரே ஒரு கிராமத்துக்குப் போய் ஒரு சாவைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார். இது நடந்ததைச் சொல்லும் சான்று. வெயிலில் நின்று, குடித்துவிட்டுச் சண்டை போட்ட மாமனையும் சேர்த்துக் குறித்த சான்று.

ஆக, ஒரு பக்கம் ஒரு சாதி தன்னைப் பற்றி எழுதி வைத்துக்கொண்ட இலட்சியம். மறுபக்கம் வெளியாள் ஒருவர் ஒரு நாளில் கண்ட காட்சி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முதலாவது ஒழுங்காகவும் இரண்டாவது குழப்பமாகவும் தெரிவதில் வியப்பில்லை.

இந்தக் கோணல் நேற்று வந்ததல்ல. 1792 முதல் 1823 வரை தென்னிந்தியாவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா, இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றிய தன் புகழ்பெற்ற நூலின் இரண்டாம் பாகம் முழுவதையும் பார்ப்பனரின் வாழ்க்கை நிலைகளுக்கே ஒதுக்கினார். அவர்களின் சாவுக் கிரியைகளும் அங்கே விரிவாக வருகின்றன. பறையருக்கோ, அவர்களின் இழிநிலையையும் பழக்கங்களையும் பேசும் அத்தியாயம்தான் கிடைத்தது. ஒரு சாதிக்குச் சடங்கு இருக்கிறது, இன்னொன்றுக்கு நடத்தைதான் இருக்கிறது என்ற பிரிவினை அங்கேயே விழுந்துவிட்டது.

எனவே முதல் விதி எளிது. நூலை நூலோடு ஒப்பிடு, நடப்பை நடப்போடு ஒப்பிடு. பறையர் பக்கம் நூல் ஏது என்று கேட்கலாம். ஏட்டில் இல்லாவிட்டாலும் வாயில் இருக்கிறது. ஒப்பாரிக்கு வரையறுத்த மெட்டும் அமைப்பும் உவமைகளும் உண்டு. சுடுகாட்டில் வெட்டியார் சொல்லும் விண்ணப்பம் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகக் கைமாறி வருவது. இசபெல் கிளார்க்-டிசே 2005-இல் வெளியிட்ட ஆய்வு நூல் ஒப்பாரி, சாவுப் பாட்டு, சுடுகாட்டு விண்ணப்பம் ஆகிய மூன்றையும் இப்படித்தான் எடுத்துக்கொண்டது. ஒப்பாரி பாடும் பெண்கள் இறந்தவருக்காக மட்டும் அழுவதில்லை, தங்கள் வாழ்வின் இழப்புகளைப் பாடி அழுகிறார்கள் என்பது அதன் முக்கியமான வாதம். இது வெறும் உணர்ச்சி அல்ல. கற்றுப் பயின்ற ஒரு கலை, ஒரு முறையீடு.

மறுபக்கமும் இதே விதிதான். பார்ப்பனர் வீட்டுச் சாவையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். புரோகிதர் எதைச் சுருக்கினார், பத்து நாள் கிரியையை எந்த வீட்டில் கடைசி நாளில் சேர்த்துச் செய்தார்கள், தட்சிணை பேரம் எப்படி நடந்தது என்பதெல்லாம் குறிப்பில் வர வேண்டும். அப்போது இரண்டு பக்கமும் மனிதர்கள் இருப்பார்கள்.

இரண்டாம் படி: ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தல்

எதை எதோடு ஒப்பிடுவது? இங்கே ஆர்னால்டு வான் கென்னெப் 1909-இல் சொன்ன மூன்று கட்டங்கள் உதவும். எந்தச் சமூகத்திலும் இறப்புச் சடங்கு பிரிதல், இடைநிலை, சேர்தல் என்று மூன்று கட்டமாக நகர்கிறது என்றார் அவர். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன வேலை நடக்கிறது என்று இரண்டு பக்கமும் பார்ப்போம்.

பிரிதல். பார்ப்பனர் வீட்டில் உடலைக் குளிப்பாட்டி, புதுத்துணி போர்த்தி, மூங்கில் பாடையில் வைத்துக் கொண்டு போகிறார்கள். வாய்க்கரிசி போடுகிறார்கள். மகன் தோளில் நீர்க்குடத்தோடு சுற்றி வர, குடத்தில் துளையிட்டு, கடைசியில் பின்பக்கமாகப் போட்டு உடைக்கிறார்கள். பறையர் வீட்டிலும் நீர் எடுத்து வந்து குளிப்பாட்டுகிறார்கள். சம்பந்திகளும் பிறந்த வீட்டாரும் கோடித்துணி கொண்டு வருகிறார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கிறார்கள். வாய்க்கரிசி உண்டு, பாடை உண்டு, மூன்று சுற்றில் மூன்று துளையிட்டு உடைக்கும் கொள்ளிக்குடமும் உண்டு.

இடைநிலை. பார்ப்பனர் மறுநாளோ அடுத்த சில நாளிலோ சஞ்சயனம் செய்து எலும்பு பொறுக்குகிறார்கள். கல் ஊன்றி, பத்து நாளும் எள்ளும் நீரும் பிண்டமும் இடுகிறார்கள். உடல் இழந்த பிரேதத்துக்கு அந்தப் பிண்டங்களால் ஒரு புதிய உடல் வளர்கிறது என்பது நம்பிக்கை. பறையர் குடும்பத்தில் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் பால் தெளிக்கிறார்கள். வீட்டில் விளக்கு எரிகிறது. இறந்தவருக்குப் பிடித்ததைப் படைக்கிறார்கள். அவர் இன்னும் வீட்டைச் சுற்றி இருக்கிறார் என்ற எண்ணம் இங்கும் உண்டு.

சேர்தல். பார்ப்பனருக்கு பன்னிரண்டாம் நாள் சபிண்டீகரணம். இறந்தவரின் பிண்டத்தை மூன்றாகப் பிரித்துத் தந்தை, பாட்டன், பூட்டன் பிண்டங்களோடு சேர்க்கிறார்கள். பிரேதம் பித்ரு ஆகிறது. பதின்மூன்றாம் நாள் சுபம். பறையருக்கு பதினாறாம் நாளிலோ அதற்கு முன்போ கருமாதி. மாமன் மச்சான் முறையினர் மகனுக்குத் தலைப்பாகை கட்டுகிறார்கள். குடும்பத்தின் பொறுப்பு யாரிடம் வந்தது என்று ஊரறியச் சொல்வது அது.

இந்த வரிசையில் வைத்தவுடன் பழைய பட்டியலின் பல கட்டங்கள் உதிர்ந்துவிடுகின்றன. அவர்களுக்குப் புரோகிதர் உண்டு, நமக்கு இல்லை என்ற வரி தவறு. பறையருக்கு வள்ளுவர்கள் நெடுங்காலமாகப் புரோகிதம் செய்து வந்திருக்கிறார்கள். அவர்கள் எரிப்பவர்கள், நாம் புதைப்பவர்கள் என்ற வரியும் நிற்காது. பார்ப்பனர் சிறு குழந்தைகளையும் சந்நியாசிகளையும் புதைக்கிறார்கள். நம் குடும்பங்களில் இரண்டும் நடக்கிறது. விறகு விலையும் அதை முடிவு செய்கிறது. தமிழ் நிலத்திலோ இந்த இரண்டும் ஒருகாலத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஆதிச்சநல்லூர்த் தாழிகள் நமக்குத் தெரியும். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டப் பகுதி, ஒரே சுடுகாட்டில் எரிப்பது, புதைப்பது, தாழியில் கவிப்பது உள்ளிட்ட ஐந்து வகைகளைச் சொல்கிறது.

அப்படியானால் வாய்க்கரிசியையும் குடம் உடைப்பதையும் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்? கீழே உள்ளவர்கள்தான் மேலே பார்த்துப் போலச் செய்தார்கள் என்று பலரும் உடனே முடிவு கட்டுவார்கள். அதற்குத் தனியாகச் சான்று வேண்டும். இரண்டு வீட்டில் ஒரே வழக்கம் இருப்பது, அது எந்தத் திசையில் பயணித்தது என்பதைச் சொல்லாது. இருவருக்கும் பொதுவான மண்ணின் வழக்கமாகவும் இருக்கலாம்.

இவ்வளவும் நல்லதுதான். ஆனால் இங்கேயே நிறுத்தினால் ஒரு பெரிய பொய்யில் போய் நிற்போம். மூன்று கட்டங்களும் ஒன்றுபோல் இருக்கின்றன, இரண்டு மரபும் சமம், வேற்றுமையில் ஒற்றுமை என்று எழுதி முடித்துவிடலாம். வான் கென்னெப்பின் சட்டகம் என்ன நடக்கிறது என்று கேட்கிறது. யாரைக் கொண்டு நடத்துகிறார்கள் என்று கேட்பதில்லை.

மூன்றாம் படி: செத்தது யார், வேலை செய்தது யார்?

பழைய பட்டியலின் வலது பத்தியை மறுபடி பாருங்கள். பறை, குழிவெட்டுதல், இழவு சொல்லிப் போதல். இவை பறையரின் 'சடங்கு' என்று எழுதப்பட்டிருக்கிறது. நாம் ஒரே ஒரு கேள்வி கேட்போம். செத்தது யார்?

சேரியில் ஒரு தாத்தா இறந்தார், பேரன் பறை அடிக்கிறான் என்றால் அது சடங்கு. துக்கமும் மரியாதையும் கலந்த சடங்கு. ஊர்த் தெருவில் ஒரு நிலவுடைமையாளர் இறந்தார், அவருக்காக அதே பேரன் விடிய விடிய அடித்துவிட்டு, பிணத்துக்கு முன்னால் சுடுகாடு வரை நடந்து, வாசலுக்கு வெளியே நின்று நெல்லோ காசோ வாங்கினான் என்றால் அது வேலை. அந்த வேலையைச் செய்ய முடியாது என்று சொல்லும் உரிமை அவனுக்கு இல்லை என்றால் அது அடிமை வேலை. ஓசை ஒன்றுதான், அடவு ஒன்றுதான். ஆனால் ஆய்வேட்டில் இரண்டும் ஒரே கட்டத்தில் போக முடியாது.

இரண்டாவது சாவில் நடந்த பறையடிப்பு எந்தப் பத்தியில் எழுதப்பட வேண்டும்? இறந்த நிலவுடைமையாளருடைய சாதியின் பத்தியில். அது அவர்களுடைய சாவுச் சடங்கின் ஒரு பகுதி. பிறர் உழைப்பில் அவர்கள் நடத்திக்கொண்ட பகுதி. அதைக் கொண்டுவந்து பறையர் பண்பாடு என்று எழுதுவது, முதலாளி வீட்டுச் சமையலை வேலைக்காரப் பெண்ணின் உணவுப் பழக்கம் என்று எழுதுவதற்குச் சமம்.

இப்போது பார்ப்பனர் சடங்கின் உள்ளேயே ஒருவரைப் பார்ப்போம். பதினோராம் நாள் ஏகோத்திஷ்டத்தில் பிரேதத்தின் இடத்தில் அமர்ந்து உண்பவரைச் சவுண்டி என்பார்கள். அந்த உணவோடு சாவின் தீட்டையும் அவர் ஏற்றுக்கொள்கிறார் என்று கருதுகிறார்கள். அதனால் சொந்தச் சாதியிலேயே அவருக்கு மதிப்புக் குறைவு. நல்ல காரியங்களில் அவரைக் காண விரும்பமாட்டார்கள். காசியில் இதே வேலையைச் செய்யும் மகாபிராமணர்கள் இப்படி ஒதுக்கப்படுவதையும், சிதைக்கு நெருப்பும் இடமும் தரும் டோம் மக்களையும் சேர்த்து ஜோனதன் பாரி 1994-இல் வெளியிட்ட காசி பற்றிய நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

நியாயமான ஒப்பீடு என்றால் சவுண்டியையும் வெட்டியாரையும்தான் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டும். (வெட்டியான் என்ற 'ஆன்' விகுதியை நாம் விட்டுவிடுவோம்.) இருவரும் அடுத்த வீட்டுச் சாவைக் கையாள்கிறார்கள். இருவருக்கும் துணியும் அரிசியும் காசும் கிடைக்கின்றன. இருவர் மீதும் சாவின் கறை படிகிறது. வேறுபாடு எங்கே தொடங்குகிறது?

முதலில் பெயரில். ஒருவருக்குக் கொடுத்தால் தானம், தட்சிணை. கொடுத்தவருக்குப் புண்ணியம். இன்னொருவருக்குக் கொடுத்தால் கூலி, பிச்சை. வாங்கியவர் நன்றி சொல்ல வேண்டும். அடுத்து இடத்தில். ஒருவர் வீட்டுக்குள் அமர்ந்து இலையில் உண்கிறார். இன்னொருவர் வாசலுக்கு வெளியே. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: காலம். சவுண்டி எவ்வளவு இழிவாகப் பார்க்கப்பட்டாலும் அவர் பார்ப்பனர். அவருடைய மகன் வேறு வேலைக்குப் போனால் கறை போய்விடும். வெட்டியாரின் மகன் பட்டம் படித்து ஆசிரியரானாலும், அடுத்த சாவுக்கு அந்தக் குடும்பத்தைத்தான் தேடி வருவார்கள்.

தீட்டைப் பற்றிய நூல் விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. மனுநூலின் ஐந்தாம் அத்தியாயம் சாவுத் தீட்டு பார்ப்பனருக்குப் பத்து நாள், சத்திரியருக்குப் பன்னிரண்டு, வைசியருக்குப் பதினைந்து, சூத்திரருக்கு ஒரு மாதம் என்று விதிக்கிறது. பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு வரும்போது நாள் கணக்கே இல்லை. அவர்கள் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், பிணத்தின் துணிகளை உடுத்த வேண்டும், உறவினர் இல்லாத பிணங்களைச் சுமக்க வேண்டும் என்கிறது. இது நூல் விதி, நடப்பு அல்ல என்பதை நாம் மறக்கவில்லை. தமிழ்நாட்டில் பார்ப்பனரல்லாதார் பலரும் பதினாறு நாளில் முடிக்கிறார்கள், கூலிக்குப் போக வேண்டிய நம் குடும்பங்கள் மூன்றாம் நாளிலேயே முடிப்பதும் உண்டு. ஆனால் அந்த விதிகளின் தர்க்கத்தைப் பாருங்கள். ஒருவருக்குத் தீட்டு என்பது குளித்தால் முடிகிற நிலை. இன்னொருவருக்கு அதுவே பிறப்பு.

ஒரு வீடு பதின்மூன்றாம் நாள் 'சுபம்' என்று சொல்ல முடிகிறது என்றால், சாவோடு தொடர்புடைய வேலைகளை யாரோ ஒருவர் தலையில் நிரந்தரமாக ஏற்றி வைத்திருப்பதால்தான். அதனால்தான் இவை தனித்தனியாக வளர்ந்து பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு மரபுகள் அல்ல என்கிறோம். ஒன்றின் தூய்மைக்கு மற்றொன்றின் ஆட்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். இந்த உறவை எழுதாத எந்த ஒப்பீடும் நியாயமானதல்ல.

அரிச்சந்திரன் கல்லருகே

வேலை என்று சொல்லிவிட்டதால் அதைச் செய்தவர்களுக்குச் சொல் இல்லை, சிந்தனை இல்லை என்று ஆகிவிடாது. வட மாவட்டங்களில் பல சுடுகாடுகளின் வழியில் அரிச்சந்திரன் கல்லோ சிறு கோயிலோ இருக்கும். பாடையை அங்கே இறக்கி வைப்பார்கள். வெட்டியார் அரிச்சந்திரனை அழைத்து, விண்ணப்பம் சொல்லி, வழி கேட்டு, தனக்குரிய காசைப் பெறுவார்.

கதை எல்லோருக்கும் தெரியும். நாடிழந்த மன்னன் காசியில் சுடலை காக்கும் புலையனிடம் அடிமையாகிறான். பாம்பு கடித்து இறந்த சொந்த மகனை மனைவி தூக்கி வரும்போதும் சுடலைக்குரிய கட்டணத்தைக் கேட்கிறான். படித்த மேடைகளில் இது பொய் சொல்லாத மன்னனின் கதை. சுடுகாட்டில் வெட்டியார் வாயில் வரும்போது வேறு பொருள் கிடைக்கிறது. இந்த இடத்துக்கு ஒரு உடையவன் உண்டு. அரசனே ஆனாலும் அவனுக்குக் கட்டணம் தராமல் நெருப்பு கிடைக்காது. நான் அந்த அரசன் நின்ற இடத்தில் நிற்கிறேன்.

புரோகிதரின் மந்திரத்துக்கு இணையாக வைக்க வேண்டிய சொல் இதுதான். மந்திரம் இறந்தவரின் பயணத்தைப் பேசுகிறது. விண்ணப்பம், உயிரோடிருப்பவர்கள் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்று பேசுகிறது. பட்டியலில் முதலாவதைத் தத்துவம் என்றும் இரண்டாவதைக் காசு கேட்பது என்றும் எழுதியவர்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை. அதற்காக இதை விடுதலைக் குரல் என்று பெரிதாக்கவும் வேண்டாம். அந்த உரிமை சுடுகாட்டின் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும். திரும்பி ஊருக்குள் வந்தால் அது கிடையாது.

அளவுகோலை நம் பக்கம் திருப்புவோம்

அடுத்தவருக்கு வைத்த கேள்வியை நமக்கும் வைத்தால்தான் அது அளவுகோல். செத்தது யார், வேலை செய்தது யார்? சேரிச் சாவில் இந்தக் கேள்வியைக் கேட்டால் புதிரை வண்ணார் கண்ணில் படுவார்கள். தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் இந்த மக்கள், சாவுத் துணியையும் தீட்டுத் துணியையும் வெளுத்து, நம் சாவுச் சடங்கின் பல வேலைகளையும் செய்து, வாசலில் நின்று சோறு வாங்கிப் போயிருக்கிறார்கள். நாம் ஊர்த்தெருவில் நின்ற அதே நிலையில் அவர்கள் நம் தெருவில் நின்றார்கள்.

மைக்கேல் மோஃபட் செங்கல்பட்டுப் பகுதிக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்து 1979-இல் எழுதிய நூலில் இதைப் பிடித்துக்கொண்டார். ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள்ளும் அதே படிநிலையை உருவாக்கிக்கொள்கிறார்கள், ஆகவே அவர்களும் சாதி முறையை மனதார ஏற்கிறார்கள் என்பது அவர் வாதம். இராபர்ட் டெலீஜ் போன்றோர் இதை மறுத்தார்கள். நமக்கும் அந்த முடிவு ஏற்பில்லை. அடிபட்டவன் அடுத்தவனை அடிப்பதால் தன்மேல் விழுந்த அடிக்கு ஒப்புதல் தந்ததாகாது. ஆனால் மோஃபட்டின் முடிவை மறுப்பதற்காக அவர் கண்டதையே இல்லை என்று சொன்னால், புதிரை வண்ணார் தோழர்களின் முகத்தைப் பார்த்து நாம் பேச முடியாது.

பெண்கள் பற்றிய கேள்வியும் இப்படித்தான். பார்ப்பன விதவைக்கு ஒருகாலத்தில் நடந்த மொட்டையடிப்பும் வாழ்நாள் ஒடுக்கமும் பறையர் பெண்ணுக்கு இல்லை. அறுத்துக் கட்டும் வழக்கம் இருந்ததால் அவளால் மறுமணம் செய்ய முடிந்தது. இது உண்மையான வேறுபாடு, எழுத வேண்டிய வேறுபாடு. ஆனால் தாலி அறுக்கும் சடங்கு நம் வீட்டிலும் நடக்கிறது. ஒப்பாரியில் சாவின் முழுப் பாரத்தையும் சுமக்கும் பெண், பாடை கிளம்பியதும் தெருமுனையோடு நின்றுவிடுகிறாள். கொள்ளி வைக்கும் கை இரண்டு வீட்டிலும் ஆணின் கைதான்.

இன்று இது எதற்கு?

2016 சனவரியில் நாகை மாவட்டம் திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதை வழியாக எடுத்துச் செல்லலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் காவல்துறையே உடலை எடுத்துக்கொண்டு வேறு வழியில் போய்ப் புதைத்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வழி மறிக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். உயர்நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

இந்த இரண்டு சாவுகளையும் பழைய பட்டியலில் எங்கே எழுதுவது? இடமே இல்லை. 'யாருடைய பாதை' என்று ஒரு கட்டம் அதில் கிடையாது. எந்த மக்கள் ஊரின் பிணங்களையெல்லாம் சுடுகாட்டுக்கு வழியனுப்பினார்களோ, அவர்களின் பிணத்துக்கு வழி இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை எழுத இடம் தராத ஒப்பீடு ஆய்வாகாது.

சட்டம் இந்த இடத்தில் நம் கல்வித்துறைகளைவிடத் தெளிவாக இருக்கிறது. திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதே 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிணத்தை அகற்றவும் சுமக்கவும் குழி தோண்டவும் செய்ய வைப்பது, பிரிவு 3(1)(i)-இன் கீழ் குற்றம். இடுகாடு சுடுகாட்டைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, 3(1)(za)-இன் கீழ் குற்றம். முதலாவது வேலையைப் பற்றியது, இரண்டாவது இடத்தைப் பற்றியது. நாம் தேடிய அளவுகோலின் இரண்டு முனைகளும் இவைதான்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை இந்தத் தலைப்பு உங்களுக்குத் தரப்பட்டால் நடுவில் கோடு போடும் முன் நான்கு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே வகைச் சான்றா? இரண்டு பக்கமும் சாவின் ஒரே கட்டமா? செத்தவர் யார், வேலை செய்தவர் யார், செய்ய மறுத்தால் என்ன ஆகும்? கறை எத்தனை நாளில் போகிறது, யாருக்குப் போகவே இல்லை? பிறகு கோட்டைப் போடுங்கள். கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் எத்தனை அம்புக்குறிகள் வருகின்றன என்று அப்போது தெரியும்.

இன்று பறை மேடையேறிவிட்டது. பல ஊர்களில் நம் இளைஞர்கள் ஊர்ச் சாவுக்கு அடிக்க மறுத்து, தங்கள் விழாவுக்கும் போராட்டத்துக்கும் அடிக்கிறார்கள். இசை மாறவில்லை, யாருக்காக என்பது மாறியிருக்கிறது. சேரியில் ஒரு தாத்தாவின் சாவுக்கு அதே இளைஞன் பறையை எடுக்கும்போது, அது அவன் தானாக எடுத்தது. அந்தச் சாவைத்தான் நம் சடங்கு என்று எழுத வேண்டும்.